பரிசு: பொருளா, பணமா?

கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வந்தவுடன் எழும் முதல் கேள்வி 'எப்போது போவது' என்பதல்ல, 'என்ன கொடுப்பது' என்பதுதான். பணம் கொடுத்தால் மரியாதைக் குறைவாகுமோ என்று ஒரு தயக்கம். பொருள் வாங்கினால் அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்குமோ என்று இன்னொரு தயக்கம். இரண்டுக்கும் நடுவே, இப்போது கடைகள் விற்கும் பரிசு அட்டை வேறு வந்துவிட்டது. முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்த எனக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1993-இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலறிஞர் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றிச் சிறு கட்டுரை ஒன்றை எழுதினார். யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் அவர் கேட்டது எளிமையான கேள்வி. உங்களுக்கு வந்த பரிசுகளை வாங்கியவர்கள் என்ன விலை கொடுத்திருப்பார்கள்? அந்தப் பொருள் உங்களிடம் இல்லை என்று வைத்துக்கொண்டால், பாசத்தைக் கணக்கில் சேர்க்காமல், அதை வாங்க நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள்? இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, பரிசின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய பொருள், பெறுபவரின் கையில் எழுநூறு ரூபாயாகவோ தொள்ளாயிரம் ரூபாயாகவோ ஆகிவிடுகிறது. மீதி கடைக்காரருக்கும் போகவில்லை, கொடுத்தவருக்கும் திரும்பவில்லை. அது எவருக்கும் சேராத நட்டம்.

அதே ஆய்வில் நம் கவனத்துக்குரிய வேறொரு செய்தியும் உண்டு. நண்பர்களும் துணைவர்களும் கொடுத்த பரிசுகள் மதிப்பை அதிகம் இழக்கவில்லை. அத்தை, மாமா, தாத்தா, பாட்டி போன்ற, வயதிலும் பழக்கத்திலும் விலகியிருந்தவர்களின் பரிசுகளே அதிகம் இழந்தன. பொருளுக்குப் பதிலாகப் பணமாகக் கொடுக்கும் வழக்கமும் அவர்களிடமே மிகுதியாக இருந்தது. தமக்குத் தெரியாது என்பதை அவர்கள் ஓரளவு உணர்ந்திருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

ஆண்டுதோறும் முதுகலை வகுப்பில் இந்தக் கட்டுரையை நடத்துவேன். மாணவர்கள் சிரிப்பார்கள். வகுப்பு முடிந்து துறைக்குத் திரும்புவேன். அங்கேதான் நான் செய்த தவறு நடந்தது.

2014-இல் எங்கள் துறை உதவியாளரின் மூத்த மகளுக்குத் திருமணம் நிச்சயமானது. இருபது ஆண்டுகளுக்கு மேல் எங்களுடன் பணியாற்றியவர். எங்கள் எல்லோருக்கும் அவர்மீது அன்பு உண்டு. ஆளுக்கு ஆயிரம் வீதம் பதினான்கு பேர் சேர்ந்து 14,000 ரூபாய் திரட்டினோம். 'பணமாகக் கொடுத்தால் செலவாகிவிடும், பொருளாக இருந்தால் காலத்துக்கும் நிற்கும்' என்று ஒருவர் சொன்னார். மறுப்பேதும் சொல்லாமல் நானும் தலையாட்டினேன். 13,500 ரூபாய்க்கு ஒற்றைக் கதவு குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வாங்கி, மீதி 500 ரூபாயில் வண்டி வைத்து அவர் வீட்டில் இறக்கினோம். ரிப்பன் கட்டிய அந்தப் பெட்டியின் அருகே நின்று எல்லோரும் புகைப்படமும் எடுத்துக்கொண்டோம்.

மாப்பிள்ளை வீட்டில் குளிர்சாதனப் பெட்டி ஏற்கெனவே இருந்தது. ஆகவே எங்கள் பெட்டி பெண்ணுடன் போகவில்லை, அவர் வீட்டிலேயே நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முதல் வாரத்தில் சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் முன்பணம் கொடுக்க வழியில்லாமல், அவர் 15,000 ரூபாய் ஐந்து வட்டிக்கு வாங்கியிருக்கிறார். ஐந்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். மாதம் 750 ரூபாய் வீதம் பதினாறு மாதம் வட்டி மட்டும் கட்டி, பிறகுதான் முதலைத் திருப்பியிருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது அவர் ஓய்வு பெற்ற நாளன்று, தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வேறேதோ பேச்சினிடையே.

அந்த 14,000 ரூபாயை நாங்கள் பத்து நாள் முன்னதாக அவர் கையில் கொடுத்திருந்தால், அவர் கடன் வாங்க வேண்டியது 1,000 ரூபாய்தான். அதற்கு வட்டி மாதம் 50 ரூபாய். ஆக மாதந்தோறும் 700 ரூபாய், பதினாறு மாதத்துக்கு 11,200 ரூபாய், அவர் வீணாகக் கட்டினார். ஏறத்தாழ அந்தப் பெட்டியின் விலை. வால்ட்ஃபோகலின் கணக்கில் வரும் மூன்றில் ஒரு பங்கு இழப்பெல்லாம் இதன் முன்னே சிறிது. ஏனெனில் அவர் கணக்கிட்டது வசதியுள்ள மாணவர்களின் பரிசுகளை. அவர்களுக்குப் பரிசு பிடிக்காவிட்டால் சற்று மனக்குறை, அவ்வளவுதான். கையில் ரொக்கம் இல்லாத வீட்டில், பொருந்தாத பரிசு பரிசாக மட்டும் நிற்பதில்லை. அது வராமற்போன பணமாகவும் நிற்கிறது. அந்தப் பணத்தின் விலை அந்த ஊரின் கந்துவட்டி விகிதம்.

'அதை விற்றிருக்கலாமே' என்று நான் கேட்டேன். அவர் சொன்னார்: "நீங்கல்லாம் வீட்டுக்கு வருவீங்களே சார். வந்து எங்கன்னு கேட்டா என்ன சொல்றது?" கொடுத்தவர்களின் மரியாதைக்காக அவர் வட்டி கட்டியிருக்கிறார். சந்தையில் விற்கத்தக்க ஒரு பொருளை, பரிசு என்ற ஒரே காரணத்தால் விற்க முடியாததாக்கியவர்கள் நாங்கள்.

அதன் பிறகு பரிசு கொடுப்பதற்கு முன் எனக்கு நானே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் வந்தது. முதலாவது, இவர் வீட்டில் இன்று என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே தெரியுமா? தெரியும் என்று தோன்றினால், கடைசியாக எப்போது அந்த வீட்டின் சமையலறை வரை சென்றேன் என்று நினைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அந்த நினைவே விடையைச் சொல்லிவிடும். இரண்டாவது, இந்த விசேஷத்தை ஒட்டி அவருக்குப் பணமாகத் தேவைப்படும் செலவு ஏதேனும் குறிப்பிட்ட நாளுக்குள் இருக்கிறதா? கல்யாணம், புதுமனை புகுவிழா, பிரசவம், வெளியூர்ப் படிப்பு, துக்கம் ஆகியவற்றில் அநேகமாக இருக்கும். மூன்றாவது, நான் தரும் பொருள் பொருந்தாவிட்டால், என் மனம் நோகாமல் அதை மாற்றவோ விற்கவோ அவரால் முடியுமா? முதல் கேள்விக்குத் தெரியாது, இரண்டாவதற்கு உண்டு, மூன்றாவதற்கு முடியாது என்று விடை வந்தால் பணம்தான் சரி. அங்கே பொருள் வாங்குவது நம் மகிழ்ச்சிக்காகவே தவிர, பெறுபவருக்காக அல்ல.

நேராகக் கேட்டுவிடலாமே என்பார்கள். கேட்கலாம், கேட்பது நல்லது. ஃபிரான்செஸ்கா ஜினோ, ஃபிரான்சிஸ் ஃபிளின் ஆகிய இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தாம் வேண்டும் என்று சொன்ன பொருளையே பெற்றவர்கள், எதிர்பாராத பொருளைப் பெற்றவர்களைவிட அதிகம் மகிழ்ந்தார்கள் என்று கண்டார்கள். கொடுப்பவர்களோ, தாமாகத் தேர்ந்தெடுத்த பொருளும் அதே அளவு மதிக்கப்படும் என்று நினைத்தார்கள். ஆனால் கேள்வியைக் கேட்கும் விதம் முக்கியம். 'என்ன வேண்டும்?' என்று கேட்டால் நம் ஊரில் கிடைக்கும் விடை ஒன்றுதான்: 'ஐயோ, ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்.' அதற்குப் பதிலாக, 'மிக்சி வாங்கலாம் என்றிருக்கிறேன், ஏற்கெனவே யாராவது சொல்லிவிட்டார்களா?' என்று கேட்டால் உண்மை வெளிவரும். பெண்ணின் தந்தையைக் கேட்பதைவிடப் பெண்ணையே கேட்பது மேல்.

இனிப் பணம் தோற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். பணமே எப்போதும் சிறந்தது என்று நினைப்பவன் பொருளாதாரத்தைப் பாதிதான் படித்தவன்.

கும்பகோணத்தில் வசிக்கும் என் அக்காவுக்குப் பொங்கல் சீராகப் பல ஆண்டுகள் கரும்பு, மஞ்சள் கொத்து, புடவையுடன் நேரில் போவேன். முழங்கால் வலி வந்தபின் பயணம் குறைந்தது. ஒரு பொங்கலுக்குக் கைப்பேசி வழியே 5,000 ரூபாய் அனுப்பினேன். அக்காவுக்கு அந்த வசதி இல்லாததால் பணம் அவர் மகனின் எண்ணுக்குப் போனது. 'வந்துவிட்டது மாமா' என்று அவனும் பொறுப்பாகச் செய்தி அனுப்பினான். அந்த மாதம் மின்கட்டணமும் பேரனின் பள்ளிக் கட்டணமும் கட்டியதில் பணம் முடிந்துவிட்டது. எவர்மீதும் தவறில்லை. ஆனால் என் அக்காவின் கையில் எதுவும் வரவில்லை. தம்பி சீர் அனுப்பினான் என்று தெருவில் நாலு பேரிடம் காட்ட ஒரு முழத் துணிகூட இல்லை.

கூட்டாகச் செலவு நடக்கும் வீட்டில் பணத்துக்கு முகவரி கிடையாது. உள்ளே நுழைந்த மறுகணம் அது வீட்டுப் பணமாகிவிடுகிறது. குறிப்பாக, தனக்கென்று கணக்கோ சம்பளமோ இல்லாத பெண்களுக்குத் தரும் பணம் அவர்களைத் தொடாமலேயே கடந்து போகிறது. அவர்களும் தங்களுக்காக அதிலிருந்து எடுக்கக் கூசுவார்கள். ரிச்சர்ட் தேலர் என்ற பொருளியலறிஞர் இதனை மனக்கணக்கு என்ற கருத்தால் விளக்கினார். எல்லா ரூபாயும் ஒன்றே என்று ஏடு சொன்னாலும், மனிதர்கள் மளிகைப் பணம், மருத்துவப் பணம், கோயில் பணம் என்று மனத்துக்குள் தனித்தனி உண்டியல் வைத்திருக்கிறார்கள். நம் பாட்டிமார்களின் கடுகு டப்பாவும் சீரக டப்பாவும் இந்தக் கருத்துக்குப் பல தலைமுறை மூத்தவை. 'எனக்காக' என்ற உண்டியலே இல்லாத ஒருவருக்குப் பணம் தந்தால் அது வேறு உண்டியலில்தான் விழும். அவருக்குத் தேவைப்படுவது பொருள். அல்லது, அவர் ஒருவரே செலவழிக்கக்கூடிய பணம்.

பரிசு அட்டைக்கு உண்மையான பயன் இருப்பது இங்கேதான். மற்ற இடங்களில் அது பணத்தைவிடத் தாழ்ந்தது. பணத்தை எங்கும் செலவிடலாம், அட்டையை ஒரு கடையில் மட்டுமே செலவிட முடியும். அந்தக் குறையே என் அக்கா போன்றவர்களுக்கு நிறையாகிறது. ஜவுளிக்கடை அட்டையைக் கொண்டு மின்கட்டணம் கட்ட முடியாது. அடுத்த ஆண்டு அவர் ஊரிலேயே கிளையுள்ள ஒரு ஜவுளிக்கடையின் 3,000 ரூபாய் அட்டையை வாங்கி அனுப்பினேன். பக்கத்து வீட்டு அம்மாளை அழைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் கடையில் உட்கார்ந்து இரண்டு பருத்திப் புடவைகளைத் தேர்ந்தெடுத்தார். நான் தேர்ந்தெடுத்திருந்தால் கட்டாயம் வேறு நிறத்தில்தான் வாங்கியிருப்பேன்.

ஆனால் அதிலும் ஒரு பாடம் கிடைத்தது. புடவைகளின் விலை 2,640 ரூபாய். அட்டையை ஒரே ரசீதில் பயன்படுத்தியாக வேண்டும், மீதி திரும்பக் கிடைக்காது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். 360 ரூபாய்க்கு வேண்டாத கைக்குட்டைகளையும் ஒரு தலையணை உறையையும் வாங்கிக்கொண்டு வந்தார். அட்டையின் பின்புறத்தில் அந்த விதி அச்சிடப்பட்டுத்தான் இருந்தது. நான் படிக்கவில்லை.

அட்டைகளில் இரு வகை உண்டு, அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கிகளும், ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களும் வெளியிடும் பரிசு அட்டைகள் ரிசர்வ் வங்கியின் 2021-ஆம் ஆண்டு நெறிமுறைகளுக்கு உட்பட்டவை. அதன்படி ஒரு பரிசு அட்டையின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தீர்ந்தபின் அதில் மறுபடி பணம் ஏற்ற முடியாது. அதிலிருந்து ரொக்கம் எடுக்கவோ, இன்னொருவருக்கு அனுப்பவோ முடியாது. குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும். இவற்றைப் பல கடைகளில் பயன்படுத்தலாம். இன்னொரு வகை, ஒரு கடை தன் சரக்குக்கு மட்டும் தானே வெளியிடும் அட்டை. அது ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவைப்படும் வகையில் வராது. காலக்கெடு, மீதித் தொகை, எந்தக் கிளை என்பதெல்லாம் அந்தக் கடை வகுத்த விதிப்படிதான். எனவே கடை அட்டை வாங்கும்போது காசாளரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: பெறுபவரின் ஊரில் இது செல்லுமா, ஒன்றுக்கு மேற்பட்ட முறை பயன்படுத்தலாமா, கடைசித் தேதி என்ன? அந்தத் தேதியைக் கடிதத்தில் கையால் எழுதிவிடுவது நல்லது. முதியவர்கள் அட்டையை பீரோவில் பத்திரப்படுத்துவார்கள். பத்திரப்படுத்திய அட்டை காலாவதியான அட்டை. வாங்கிய ரசீதை நாம் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டை வேலை செய்யாவிட்டால் கடைக்காரர் கேட்பது அதைத்தான்.

தொகையை வட்டமாக வைப்பதைவிட, பெறுபவர் வாங்கக்கூடிய பொருளின் விலையை விசாரித்து வைப்பது மேல். 3,000 ரூபாய் அட்டைக்குப் பதிலாக நான் 2,500 ரூபாய் அட்டையும் 501 ரூபாய் ரொக்கமும் அனுப்பியிருந்தால் கைக்குட்டைகள் வந்திருக்கா. புடவைக்குக் கூடுதலாக ஆகும் 140 ரூபாயை ரொக்கத்திலிருந்து கொடுத்திருப்பார், மீதி அவர் சுருக்குப்பையில் இருந்திருக்கும்.

பொருள்தான் சிறந்தது என்று ஐயமின்றிச் சொல்லக்கூடிய இடங்களும் உண்டு. பெறுபவருக்குத் தெரியாத ஒன்று கொடுப்பவருக்குத் தெரிந்திருக்கும் இடம் அவற்றுள் ஒன்று. ஆய்வு மாணவருக்கு ஆசிரியர் தரும் நூல் அப்படிப்பட்டது. அதற்கான பணத்தைத் தந்திருந்தால் அந்த நூல் இருப்பதே அவருக்குத் தெரிந்திராது. தனக்குத் தேவை என்று தெரிந்தும் செலவழிக்க மனம் வராத இடம் மற்றொன்று. வயதான தந்தைக்கு நல்ல காலணி, தாய்க்கு எடை குறைந்த பாத்திரங்கள். இங்கெல்லாம் பரிசின் மதிப்பு விலையைவிட அதிகமாகிறது. வால்ட்ஃபோகலுக்கு மறுப்பாக 1996-இல் அதே இதழில் எழுதிய சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே ஆகியோர், தாங்கள் கேட்டறிந்தவர்கள் பரிசுகளை விலைக்கும் மேலாகவே மதித்தார்கள் என்று காட்டினார்கள். வகுப்பில் இந்த மறுப்பையும் நடத்துவேன். இரண்டில் எது சரி என்று மாணவர்கள் கேட்பார்கள். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று சொன்னால் சொல்கிறேன் என்பேன்.

பணம் கொடுப்பதென்று முடிவு செய்தபின் அதை எப்படிக் கொடுப்பது என்பதைத் தனியே யோசிக்க வேண்டும். நம் மரபு இதில் வறண்டதல்ல. வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தட்டில் வைத்து, 100-க்கு 101, 500-க்கு 501 என்று ஒரு ரூபாய் சேர்த்து, உறையின் மூலையில் மஞ்சள் தடவிக் கொடுக்கும் வழக்கமெல்லாம், சம்பளமாகவோ கடனாகவோ வந்த பணத்திலிருந்து இந்தப் பணத்தைப் பிரித்துக் காட்டுவதற்கே ஏற்பட்டவை என்பது என் எண்ணம். கடைக்குக் கொடுக்கும் பணத்தில் எவரும் ஒரு ரூபாயை ஒட்டுவதில்லை.

ஆனால் மரபில் ஒரு சிக்கலும் உண்டு, அது மொய் நோட்டு. மொய் என்பது பொருளியல் நோக்கில் பரிசல்ல, வட்டியில்லாக் கடன். பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பலர் சேர்ந்து ஒருவருக்கு முதல் திரட்டித் தருகிறார்கள். அவர் பின்னர் ஒவ்வொருவர் விசேஷத்திலும் சற்றுக் கூட்டித் திருப்புகிறார். யார் எவ்வளவு என்பதற்கு நோட்டு சாட்சி. மிகச் சிறந்த ஏற்பாடு. ஆனால் திருப்பிச் செலுத்த வசதியில்லாத ஒருவருக்கு உதவியாக 10,000 ரூபாய் கொடுக்க நினைக்கும் நாம், அதை மண்டப வாசலில் அந்த நோட்டில் எழுதிவிட்டால், உதவி அங்கேயே கடனாகிவிடுகிறது. நம் வீட்டு விசேஷத்துக்கு அவர் அதே தொகையோடு வர வேண்டும் அல்லது வராமலே இருக்க வேண்டும். நல்ல பழக்கமுள்ளவர்கள் விசேஷத்துக்கு வராமற்போவதன் காரணத்தை ஆராய்ந்தால் பலவேளை நோட்டின் ஒரு வரிதான் அகப்படும்.

எனவே நான் இரண்டாகப் பிரிக்கிறேன். அவர் எளிதாகத் திருப்பக்கூடிய 201 அல்லது 501 ரூபாயை எல்லோரையும் போல மொய்யில் எழுதுவேன். மீதியை ஒரு வாரமோ பத்து நாளோ முன்னதாக, வீட்டுக்குச் சென்று, தாம்பூலத் தட்டில் வைத்து, செலவுப் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கொடுப்பேன். விசேஷத்தன்று மேடையில் கொடுக்கும் பணம், செலவெல்லாம் முடிந்த பிறகு எண்ணப்படும் பணம். பத்து நாள் முன்பு கிடைக்கும் பணத்தால் ஒரு கடன் குறைகிறது. தொகையையும் அன்பையும் மாற்றாமல், நாளை மட்டும் மாற்றுவதால் வரும் வேறுபாடு இது.

உறைக்குள் ஒரு தாள் இருக்க வேண்டும். அச்சடித்த வாழ்த்தட்டை போதாது. சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்திக்குத் திருமணமாகி, கணவனும் மனைவியும் வேலைக்காகப் புணேவில் குடியேறினார்கள். வாடகை வீட்டுக்கு முன்பணம், சமையல் எரிவாயு இணைப்பு, கட்டில் என்று அவர்களுக்குச் செலவு காத்திருந்தது. அங்கே எதுவும் நான் வாங்கி அனுப்பக்கூடியதல்ல. 5,001 ரூபாய் உறையில் வைத்து இப்படி எழுதினேன்: 'இரண்டாம் ஆண்டில் நீ நூலகத்தில் தரையில் உட்கார்ந்து படிப்பாய், மேசை காலியாக இருந்தாலும். புது வீட்டில் உட்கார ஒரு நல்ல நாற்காலி வாங்கிக்கொள் என்று இதை வைத்திருக்கிறேன். அதைவிட அவசரமான தேவை வந்தால் அதற்கே செலவு செய். நாற்காலி காத்திருக்கும்.'

இதில் மூன்று செயல்கள் நடக்கின்றன. அவளைப் பற்றி மட்டுமே எழுதக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. பணத்துக்கு ஒரு பெயர் சூட்டப்படுகிறது, அதனால் அது மளிகைப் பணத்தோடு கலக்காமல் சில நாளாவது தனியே நிற்கும். பெயரை மீறிச் செலவிட அனுமதியும் தரப்படுகிறது. கடைசி வரி இல்லாவிட்டால், நாங்கள் உதவியாளருக்குக் குளிர்சாதனப் பெட்டி தந்தது போலவே ஆகிவிடும். பெயர் சூட்டலாம், பூட்டுப் போடக் கூடாது. பிறகு 'நாற்காலி வாங்கினாயா?' என்று கேட்கவும் கூடாது. அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் பரிசு, கணக்குக் காட்ட வேண்டிய முன்பணமாகிவிடும்.

கைப்பேசி வழியே அனுப்புவதாயினும் இதே முறைதான். முதலில் பேச வேண்டும், பிறகு பணம் அனுப்ப வேண்டும், அதன்பின் எழுத வேண்டும். வெறும் தொகை மட்டும் திரையில் வந்து விழுந்தால் அது கடன் திரும்பியது போலிருக்கும். யாருடைய எண்ணுக்குப் போகிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பொங்கல் சீர் விஷயத்தில் நான் கேட்காமல் விட்டது அதுதான்.

எல்லோருக்கும் பணம் கொடுத்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மூத்தவர் இளையவருக்குத் தருவது ஆசி. இளையவர் மூத்தவருக்குத் தருவது, பெற்றோர் தவிர மற்றவர்களிடம், எளிதில் தவறாகிவிடும். சம நிலையிலுள்ள நண்பருக்கு, அவர் கஷ்டத்தில் இருக்கும்போது பணம் தருவது எல்லாவற்றிலும் கடினம். மருத்துவமனையில் இருந்த சக பேராசிரியர் ஒருவரிடம் உறையை நீட்டினேன். அவர் வாங்கி, தலையணை அடியில் வைத்து, நான் எழுந்தபோது என் சட்டைப் பையில் திருப்பி வைத்துவிட்டார். மறுநாள் அவர் மனைவியிடம் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய், பத்து நாளுக்கான மருந்தை வாங்கிக் கொடுத்தேன். அதை அவர் மறுக்கவில்லை. தொகை ஏறத்தாழ ஒன்றே.

எங்கள் துறை உதவியாளரின் இரண்டாவது மகளுக்கு 2022-இல் திருமணம் நடந்தது. பழைய பதினான்கு பேரில் ஒன்பது பேர் சேர்ந்தோம். இம்முறை பன்னிரண்டு நாள் முன்னதாக நானும் இன்னொரு நண்பரும் அவர் வீட்டுக்குப் போய்த் தட்டில் வைத்துக் கொடுத்தோம். உள்ளே இருந்த தாளில் ஒன்பது பேரும் ஆளுக்கு ஒரு வரி எழுதியிருந்தார்கள். அவர் எண்ணிப் பார்க்கவில்லை, தாளை மட்டும் எடுத்து நின்றபடியே படித்தார். உள்ளே தண்ணீர் எடுக்கப் போனவர் கதவைத் திறக்கும்போது எங்கள் பெட்டியைப் பார்த்தேன். ரிப்பன் ஒட்டிய பசைத் தடம் இன்னும் இருந்தது. நான் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"நல்லா ஓடுது சார்," என்றார். "வீட்டுக்காரிக்கு இப்ப சர்க்கரை. இன்சுலின் அதுலதான் இருக்கு."